கழுத்தில் நெறிகட்டி அஞ்சு வாரம்: ஊசிப் பரிசோதனை எங்கே செய்யலாம்?

பெரம்பூர் பக்கம் இருக்கும் 22 வயசுப் பெண்ணுக்காகக் கேட்கிறேன். தொண்டை அழற்சி வந்தபோது வலது தாடைக் கோணத்துக்குக் கீழே நெறி கட்டியது. அப்போது தொட்டால் வலி, விரலுக்கு நகர்ந்தது. அது சாதாரணம்தான்: தொண்டைக் கிருமியோடு நிணநீர்க் கணு போராடும்போது வீங்கும், வலிக்கும். தொண்டை சரியானதும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் சுருங்க ஆரம்பிக்கும். பட்டாணி அளவுக்கு மிச்சம் இருந்தாலும் பயமில்லை.

இங்கே சிக்கல், வலி போய்விட்டது, வீக்கம் போகவில்லை. ஐந்தாவது வாரம். ஸ்கேனில் 2.2 செ.மீ. கூடவே பக்கத்தில் இன்னும் இரண்டு கணு ஒட்டினாற்போல் இருக்கு. சாயங்காலத்தில் லேசான காய்ச்சல். நம்ம ஊரில் இப்படி இருந்தால் முதலில் காசநோயை நினைக்கணும், நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவையும் விடக்கூடாது. ரத்தப் பரிசோதனை மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. மார்பு எக்ஸ்ரேயும் ஊசி வைத்து செல் எடுக்கும் எஃப்.என்.ஏ.சி.யும் வேணும்.

கேள்வி இதுதான்: ஸ்கேன் பார்த்தபடியே ஊசி போட்டு, அதே மாதிரியைக் காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும் அனுப்பும் இடம் வடசென்னையில் எது? சில லேப்கள் எல்லாவற்றையும் ஸ்லைடில் பூசிவிடுகிறார்கள், அப்புறம் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

"இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் போடுங்க" என்று தயவுசெய்து சொல்லாதீங்க. ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம். லிம்போமாவாக இருந்தால் தற்காலிகமாகச் சுருங்கி முடிவையே குழப்பிவிடும்.