பொருள்: ‘ஸ்ட்ரெஸ்’ வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்கு – தமிழில் எப்படி?

மலர்விழி:

குழுவினருக்கு வணக்கம். கார்டிசோலுக்கு ஈடாகத் தரும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கான கைப்பிரதி ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வந்த கட்டியால் உடலில் கார்டிசோல் என்ற ஹார்மோன் மிகுந்து, கட்டியை அகற்றிக்கொண்டவர்கள் படிப்பார்கள். பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டுக் குறைத்து வருகிறவர்களும் படிப்பார்கள். ஒரு வாக்கியம் மட்டும் இடிக்கிறது: ஸ்ட்ரெஸ் நேரும்போது மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும். ‘மன அழுத்தம்’ என்று போட்டிருந்தேன். சரிபார்த்த செவிலியர் சிவப்பு மையில் சுழித்து, ‘மாமியாரோடு சண்டை என்றால்கூட இரண்டு மாத்திரை விழுங்கிவிடுவார்கள்’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல சொல் தாருங்கள்.

பாஸ்கர்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பொறியியலில் பல காலமாக ‘தகைவு’ என்கிறோம். ‘ஸ்ட்ரெஸ்’ என்பதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்த ஹான்ஸ் செல்யே அதை இயற்பியலிலிருந்துதான் எடுத்தார். விசைக்கு உடல் காட்டும் விளைவைச் சொல்ல ‘ஸ்ட்ரெய்ன்’ என்றிருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே வருந்தினார். அந்தக் கணக்கில், ஸ்ட்ரெய்னுக்கு நாங்கள் சொல்லும் ‘திரிபு’ இன்னும் சரி.

தனிக்கேள்வி ஒன்று. வேலைப்பளுவால் எனக்கு வயிறு மட்டும் பெருத்துவிட்டது. பரிசோதனைக் கூடத்தின் சலுகைத் தொகுப்பில் கார்டிசோல் பார்த்தேன். இயல்பின் மேல் எல்லையை ஒட்டி இருக்கிறது. கார்டிசோல் மிகுவதால் வரும் குஷிங் நோய் எனக்கும் தொடங்குகிறதா?

இளவழகன்:

திரிபு என்றால் தமிழ் படித்தவனுக்குத் தோன்றல், திரிதல், கெடுதல்தான் நினைவுக்கு வரும். நோயாளி புணர்ச்சி விதியைத் தேடுவார். தகைவும் வேண்டாம், ‘தகைசால்’ என்று விருது கொடுக்கிற நாட்டில் அது பெருமையாகத் தொனிக்கும். தகைதல் என்பதற்குத் தடுத்தல் என்ற பொருள் உண்டென்பது எனக்குத் தெரியும். எத்தனை பேருக்குத் தெரியும்?

வள்ளுவர் தந்த சொல் இருக்கிறது: இடுக்கண். துன்பம் வரும்போது கண் இடுங்குகிறது. இடுங்கு கண், இடுக்கண். உடல் காட்டும் எதிர்வினையைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். ‘இடுக்கண் எதிர்வினை’ என்று போடுங்கள்.

மருத்துவர் ரெங்கநாதன்:

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். ஆபத்து வந்த நொடியில் அட்ரினலின் பாய்கிறது. அப்போது கண்மணி விரியும். உங்கள் சொல் எதிர்த்திசையில் போகிறது. தவிர, அட்ரினலின் வேலை நொடிகளில் நடப்பது. கார்டிசோல் மெதுவானது. ஹைபோதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் புறணியைத் தூண்ட, இரத்தத்தில் அளவு உயரச் சில நிமிடங்கள் ஆகின்றன. அதன் பலன் மணிக்கணக்கில் நீடிக்கும். அளவு போதுமென்று ஆனதும் கார்டிசோலே மேலே போய் அந்த இரண்டையும் அடக்கும்.

மலர்விழி கேட்ட வாக்கியத்தின் உயிர் இந்த அடக்கத்தில்தான் இருக்கிறது. நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பொடியை ஓராண்டுக்கு மேல் சாப்பிட்ட பெண்மணி. வலி பறந்துவிட்டது. ஆனால் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. தொடைச் சதை கரைந்திருந்தது. வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள். இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை சுற்றிய இடத்தில் தோல் கன்றிப்போயிற்று. சர்க்கரையும் ஏறியிருந்தது. பார்த்தால் கார்டிசோல் வெள்ளம்; காலை எட்டு மணிக்கு இரத்தத்தில் அளந்தால் ஏறக்குறைய வறட்சி! பொடியில் கலந்திருந்த ஸ்டீராய்டு இத்தனையும் செய்துகொண்டே அவருடைய சொந்தச் சுரப்பைத் தூங்க வைத்திருந்தது.

பயந்துபோய் ஒரே நாளில் பொடியை நிறுத்திவிட்டார். இரண்டு வாரத்துக்குள் டெங்கு. மற்றவர் உடலாக இருந்தால் கார்டிசோல் பல மடங்கு சுரந்து இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். இவருக்கு அழுத்தம் சரிந்தது. எவ்வளவு சலைன் ஏற்றியும் நிற்கவில்லை. ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியாகப் போன பிறகுதான் ஏறியது. கைப்பிரதி சொல்லும் ‘ஸ்ட்ரெஸ்’ இதுதான். இதில் மனத்துக்கு வேலையே இல்லை.

சிவகௌரி (யாழ்ப்பாணம்):

இலங்கையில் நாங்கள் ‘நெருக்கீடு’ என்று எழுதுகிறோம். மனம் என்றால் ‘உளநெருக்கீடு’. ஆகவே இங்கே ‘உடல் நெருக்கீடு’ போதும். தாதியர் மாணவருக்கு நான் அப்படித்தான் கற்பிக்கிறேன். டொக்டர் ஐயா, கட்டி அகற்றியவர்களுக்கும் இதே நிலைதானே? கட்டி போய்விட்டது, இனி எதற்கு மாத்திரை என்று கேட்பவர்கள் உண்டு.

மருத்துவர் ரெங்கநாதன்:

அதேதான். கட்டி இருந்தவரை பிட்யூட்டரியின் நல்ல செல்கள் அடங்கிக் கிடந்தன. அவை விழித்துக்கொள்ளப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். அதுவரை மாத்திரைதான் அவருடைய சுரப்பி.

பாஸ்கர், கார்டிசோல் விடியலில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் இருக்கும். காலையில் எடுத்த ஒற்றை அளவை வைத்துக் குஷிங் என்று சொல்ல முடியாது. கார்டிசோல் சுரப்பை அடக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெதசோனை இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் விழுங்கிவிட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு அளக்க வேண்டும். அடங்கும் உடலில் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கிவிடும். குஷிங்கில் அப்படி இறங்காது. கடும் மனச்சோர்விலும் குடிப்பழக்கத்திலும்கூடச் சில சமயம் இறங்காது. அதனால் அதையும் தனியாக நம்ப மாட்டோம். வெறும் தொப்பையை வைத்து நான் யாரையும் சந்தேகிப்பதில்லை. மாடிப்படி ஏறத் தொடை வலுவிழக்கிறதா, சும்மா பட்டாலே தோல் கன்றுகிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

இளவழகன்:

நெருக்கீடு என்றால் எங்கள் ஊரில் பேருந்துக் கூட்டம் என்று நினைப்பார்கள். போகட்டும். அறிகுறிப் பட்டியலில் ‘நிலா முகம்’ என்று எழுதியிருக்கிறீர்களா? மதிமுகம் என்பது நம் இலக்கியம் முழுக்கப் பாராட்டு. நோயின் குறியாக அதை வைப்பது கவிதைக்குச் செய்யும் துரோகம்.

மலர்விழி:

எழுதியிருக்கிறேன் ஐயா. ஒரு நோயாளி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாராம். என்ன போடலாம்?

மருத்துவர் ரெங்கநாதன்:

கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்: ‘கன்னம் உப்பி, நேரே நின்று பார்த்தால் காது தெரியாத அளவுக்கு முகம் வட்டமாகும்.’ பழைய புகைப்படத்தை எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்.

பாஸ்கர்:

படி ஏற முடிகிறது. இருந்தாலும் தகைவை இப்படி ஒதுக்குவது சரியில்லை. பாடநூலில் ஒன்று, மருத்துவமனையில் ஒன்று என்றால் கலைச்சொல் எப்படி நிலைக்கும்?

சிவகௌரி:

இரும்புக் கம்பிக்குக் காய்ச்சல் வருவதில்லையே அண்ணா.

மலர்விழி:

நேரமில்லை, முடிக்கிறேன். தலைப்பில் மட்டும் ‘உடல் நெருக்கீடு’. கீழே கலைச்சொல்லே இல்லாமல்: ‘காய்ச்சல் வந்தாலோ, எலும்பு முறிந்தாலோ மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி மாத்திரையை இரட்டிப்பாக்குங்கள். அறுவைக்கோ பல் பிடுங்கவோ போனால் மாத்திரை சாப்பிடுவதை முன்பே சொல்லுங்கள். கவலை, கோபம், தேர்வு பயம் ஆகியவற்றுக்குக் கூட்ட வேண்டாம்.’ சரியா?

மருத்துவர் ரெங்கநாதன்:

வாந்தியை விட்டுவிட்டீர்கள். மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் இரட்டிப்பதில் பயனில்லை. உடனே ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். கடைசி வரியாக ‘தானாக நிறுத்தாதீர்கள்’.

இளவழகன்:

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன். என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். இடுக்கண் என்பதில் துன்பத்தின் முகம் தெரிகிறது, நெருக்கீட்டில் கூட்டம்தான் தெரிகிறது. அது கிடக்க, கைப்பிரதியின் இரண்டாம் பக்கத்தில் ‘ஹார்மோன்’ என்று கண்டேன். ‘இயக்குநீர்’ இருக்கும்போது இது எதற்கு?

சிவகௌரி:

நாங்கள் ‘ஓமோன்’ என்று எழுதுகிறோம் ஐயா.

மலர்விழி:

அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.