பரதநாட்டிய வீடியோ: விமாஃப் 95 வந்த கோப்பு போதுமா?

மயிலை ஹரி
மயிலாப்பூர் சபா ஒன்றில் எடுத்த இரண்டு மணி நேர பரதநாட்டிய நிகழ்ச்சி. 1080, நொடிக்கு 25 ஃபிரேம். எடிட் முடித்த ProRes மாஸ்டரோடு மூன்று x264 எக்ஸ்போர்ட்டுகளை, மாஸ்டரின் தரத்துக்கு எவ்வளவு நெருங்குகிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும் விமாஃப் வைத்து ஒப்பிட்டேன். சிஆர்எஃப் 22: 5.4 ஜிபி, விமாஃப் 97. சிஆர்எஃப் 25: 3.8 ஜிபி, 95. சிஆர்எஃப் 28: 2.7 ஜிபி, 91.6. நடனப் பள்ளி பென்டிரைவில் வாங்கி ஆண்டு விழா ஹாலில் புரொஜெக்டரில் போடப் போகிறது. பெற்றோர்களுக்கும் அதே கோப்புதான். தரம் கெடாத மிகச் சிறிய கோப்பாக எதைக் கொடுக்கலாம்?

வடபழனி வெங்கட்
28-ஐக் கொடுங்கள் ஹரி. விமாஃபில் சுமார் 6 புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் சாதாரண ஆளுக்குக் கண்ணில் படும் என்று வீடியோ துறையில் பலரும் சொல்வார்கள். 97-க்கும் 91.6-க்கும் நடுவில் அவ்வளவு கூட இல்லை, கோப்போ பாதி அளவு. கண்ணால் பார்த்து முடிவு செய்தால் ஆளுக்கொரு பதில் வரும். அந்தச் சண்டையே வேண்டாம் என்றுதானே நெட்ஃப்ளிக்ஸ் 2016-இல் இந்த அளவுகோலை எல்லோருக்கும் திறந்து கொடுத்தது?

அடையாறு ரேவதி
வெங்கட் சார், அந்த 6 புள்ளி தோராயமான வழிகாட்டி, அதில் தப்பில்லை. ஆனால் ஹரி கொடுத்திருப்பது இரண்டு மணி நேரத்தின் சராசரி. சராசரி 95 வாங்கிய மாணவன் கணக்கில் ஃபெயிலாகியிருக்கலாம். வழக்கமான விமாஃப் மாடல், 1080 டிவியை அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களின் தீர்ப்பை வைத்துப் பழக்கப்பட்டது. ஹாலில் முதல் வரிசைக்காரர் திரைக்கு அதைவிடப் பக்கத்தில் இருப்பார். அவருக்கு 91.6 அதே 91.6 ஆக இருக்காது.

ஹரி, ஃபிரேம் வாரியாக மதிப்பெண் எடுத்துப் பாருங்கள். முதலில் வருவது எக்ஸ்போர்ட், இரண்டாவது மாஸ்டர். மாறிப் போனால் எண் வரும், ஆனால் தப்பான எண்.

```
ffmpeg -i crf25.mp4 -i master.mov -lavfi "[0:v]setpts=PTS-STARTPTS,format=yuv420p[d];[1:v]setpts=PTS-STARTPTS,format=yuv420p[r];[d][r]libvmaf=feature='name=psnr|name=cambi':log_fmt=json:log_path=crf25.json:n_threads=4" -f null -
```

```
jq -r '.frames[] | "\(.metrics.vmaf) \(.frameNum)"' crf25.json | sort -n | head -20
```

போரூர் சலீம்
எனக்கும் இதே பிரச்சினைதான். கல்லூரிக்கு லெக்சர் ரெக்கார்டிங் செய்கிறேன். எக்ஸ்போர்ட்டும் ஒரிஜினலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன, ஆனால் விமாஃப் 62 தான் வருகிறது. சிஆர்எஃப்-ஐ 16 வரை இறக்கியும் ஏறவில்லை. இந்த அளவுகோலையே நம்ப முடியாது என்று விட்டுவிட்டேன்.

அடையாறு ரேவதி
சலீம் அண்ணா, ஹரி கேட்டது வேறு, ஆனால் உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக ஃபிரேம் நகர்வு. எக்ஸ்போர்ட் ஒரு ஃபிரேம் முன்னேயோ பின்னேயோ தள்ளியிருந்தால், விமாஃப் வேறு வேறு படங்களை ஒப்பிடுகிறது. கம்ப்ரஷனைக் குறைத்தும் மதிப்பெண் ஏறவில்லை என்பதே அதற்கு அறிகுறி. லாகில் பாருங்கள்: ஸ்லைடு அசையாமல் நிற்கும் இடத்தில் 95-க்கு மேலும், ஆசிரியர் நடக்கும் இடத்தில் 40, 50 என்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரிஜினல் 30, எக்ஸ்போர்ட் 25 என்று ஃபிரேம் வேகம் மாறியிருந்தாலும் இப்படித்தான் வரும். முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

மயிலை ஹரி
சிஆர்எஃப் 25-க்கு எடுத்துப் பார்த்தேன். ஆகக் குறைந்த ஃபிரேம்கள் இரண்டு இடங்களில் கூடியிருக்கின்றன. ஒன்று, விளக்கு சட்டென்று மாறும் இடங்கள்: ஒரு ஃபிரேம் 70-க்குக் கீழே போய் அடுத்ததிலேயே ஏறிவிடுகிறது. இன்னொன்று வர்ணத்தின் வேக ஜதி, அங்கே 84, 85 என்று ஓடுகிறது. எனக்குப் புரியாத விஷயம் வேறு. 68-ஆவது நிமிடத்திலிருந்து 79 வரை ஒரு பதம், நீல விளக்கு, பின்னால் கருநீலத் திரை. அங்கே விமாஃப் 97. ஆனால் லேப்டாப்பிலேயே திரை பட்டை பட்டையாகத் தெரிகிறது. மாஸ்டரில் அது இல்லை.

அடையாறு ரேவதி
அதைத்தான் தேடினேன். விளக்கு மாறும் அந்த ஒற்றை ஃபிரேமை விட்டுவிடலாம், நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரத்தைக் கண் கவனிக்காது. ஜதியை ஓடவிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். பதம்தான் பிரச்சினை. இருட்டில் மெதுவாக நிறம் மாறும் பரப்பில் பட்டை விழுவதை விமாஃப் சரியாகப் பிடிக்காது. அதற்காகவே நெட்ஃப்ளிக்ஸ் தனியாக காம்பி என்ற அளவைக் கொண்டு வந்தது. நான் கொடுத்த கட்டளையில் அதுவும் இருக்கிறது. பட்டை இல்லையென்றால் பூஜ்யம், 5 வாக்கில் கண்ணை உறுத்தத் தொடங்கும்.

இன்னொன்று. வழக்கமான விமாஃப் மாடல் வெளிச்சத்தை மட்டும் பார்க்கிறது, நிறத்தைப் பார்ப்பதே இல்லை. அரக்குப் பட்டுப் புடவை, அதில் ஜரிகை: கம்ப்ரஷன் முதலில் கரைப்பது அந்தச் சிவப்பின் ஓரத்தைத்தான். லாகில் psnr_cr எண் எந்த இடத்தில் சரிகிறது என்று பார்த்து, அங்கே நிறுத்தி மாஸ்டரோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வடபழனி வெங்கட்
சரி, பட்டை விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், கடைசியில் கண்ணும் வேண்டும் என்றால், ஹரி கடைசியில் 22-க்குத்தான் போவார். 5.4 ஜிபி கோப்பு FAT32 பென்டிரைவில் ஏறவே ஏறாது. ஒரு கோப்புக்கு 4 ஜிபி தான் வரம்பு. பழைய டிவிகள் பல அந்த ஃபார்மட்டைத்தான் படிக்கும். பெற்றோர்கள் வீட்டில் ஓடாத கோப்புக்கு எவ்வளவு மதிப்பெண் இருந்து என்ன?

அடையாறு ரேவதி
அந்த வரம்பு நியாயமானது சார், அதை நான் யோசிக்கவில்லை. அப்படியென்றால் முழுக்க 22-க்குப் போக வேண்டாம். 25-ஐயே வைத்துக்கொண்டு பதத்துக்கு மட்டும் கூடுதல் பிட்ரேட் கொடுக்கலாம். இருண்ட பகுதிகளுக்குச் சாதகமான aq-mode 3-ஐயும் சேருங்கள்.

```
-crf 25 -aq-mode 3 -x264-params "zones=102000,118500,b=1.6"
```

102000 என்பது 68 நிமிடத்தின் ஃபிரேம் எண், 118500 என்பது 79-இன் எண்.

வடபழனி வெங்கட்
பத்து பிட்டில் எடுத்தால் பட்டையே வராதே?

அடையாறு ரேவதி
குறையும். ஆனால் பத்து பிட் H.264-ஐப் பல டிவிகள் திறக்காது. பெற்றோர்கள் வீட்டில் ஓட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

மயிலை ஹரி
ஓட்டிப் பார்த்தேன். 4 ஜிபிக்கு உள்ளேயே நிற்கிறது. சராசரி விமாஃப் ஏறக்குறைய அதே 95. பதத்தில் காம்பி 8 வாக்கில் இருந்தது, இப்போது 5-க்குச் சற்று மேல். லேப்டாப்பில் தேடினால்தான் பட்டை தெரிகிறது. புடவைச் சிவப்பு எனக்குத் திருப்தி. ஜதியைத் தொடவில்லை.

வடபழனி வெங்கட்
5-க்கு மேல் என்றால் ரேவதி சொன்ன கணக்கிலேயே உறுத்தும் அளவுதானே? லேப்டாப்பில் தேடினால் தெரிவது பத்தடித் திரையில் தேடாமலே தெரியும். ஒரே கோப்பு என்ற பிடிவாதத்தை விடுங்கள். ஹாலுக்கு 22-ஐ exFAT டிரைவில் கொடுங்கள், வீட்டுக்கு 28.

அடையாறு ரேவதி
ஹாலுக்கு 22 என்பதை ஒப்புக்கொள்கிறேன், புரொஜெக்டரோடு இணைக்கப் போகும் லேப்டாப் அதைத் திறக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 28 கூடாது. 25-இலேயே பட்டை விழுந்த பதம் அதில் என்ன ஆகும்? ஹரி, 28-க்கும் காம்பி எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுப் பேசலாம்.