எண்டோஸ்கோபி திரையில தெரிஞ்ச வாழைத்தண்டு நார் - உங்க வீட்லயும் இப்படி நடந்திருக்கா?

வெண்ணாத்தங்கரை

அப்பாவுக்கு 22 வருஷமா சுகர், இன்சுலின் போடுறாரு. ஆறு மாசமா நாலு வாய் சாப்ட்டாலே போதும்பாரு, ராத்திரி ஏப்பம், வாரத்துல ரெண்டு நாள் காலைல வாந்தி. எண்டோஸ்கோபிக்கு எழுதி குடுத்தாங்க, முதல் நாள் ராத்திரி 7 மணிக்கு ரெண்டு இட்லி, அப்புறம் பச்சத்தண்ணி கூட இல்ல, காலைல 9 மணிக்கு டியூப் உள்ள போகுது. திரையில பாத்தா சோத்துப் பருக்கை மாதிரி வெள்ளையா கிடக்கு, அதுக்கு நடுவுல பச்சையும் வெள்ளையுமா நூல் உருண்டை. டாக்டர் கடுப்பாயி "பெரியவரே காலைல சாப்ட்டு வந்துட்டு இல்லைன்னு சொல்றீங்களா"ன்னு கேட்டாரு, வாயில டியூப் இருக்கறதால அவரால பேச முடியல, கண்ணுல தண்ணி மட்டும் வருது. நானும் சும்மா இல்லாம "அப்பா ஏன்ப்பா இப்படி பண்றீங்க"ன்னுட்டேன். வெளிய வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா சொன்னது, "ஏன்டா அவர அடிக்கிற மாதிரி பேசுற, அது முந்தாநாள் மத்தியானம் நான் வச்ச வாழைத்தண்டு கூட்டுடா, நேத்து இந்த வீட்ல தண்டே வாங்கல."

அந்த வார்த்தைதான் இன்னும் காதுல நிக்குது. ரெண்டு நாள் ஒரு நார் வயித்துல எப்படி இருக்கும்? இதுக்கு முன்னாடி இன்னொண்ணும் நடந்துச்சு, அப்ப புரியல. ராத்திரி ஏழேகாலுக்கு ஊசி, ஏழே முக்காலுக்கு சோறு, 9 மணிக்கு பாத்தா சட்டையெல்லாம் நனைஞ்சு கை நடுங்குது, மீட்டர்ல 56. சாப்ட்டாரேன்னு ஒரே குழப்பம். சக்கரைத் தண்ணி குடுத்து தேத்தினோம், நடுராத்திரி 2 மணிக்கு எடுத்தா 290. ஊசி சரியில்லன்னு நெனச்சு டோஸ் மாத்திக்கிட்டே இருந்தோம்.

குடமுருட்டி77

உங்களுக்கு நேர் எதிர் கதை எங்க தாத்தா. 80கள்ல அல்சருக்கு ஜி.ஜே. ஆபரேஷன் பண்ணிட்டாங்க, நரம்பை வெட்டி இரைப்பைய கீழ சிறுகுடலோட இணைச்சு விடுவாங்களே, அந்தக் காலத்துல இந்தப் பக்கம் ஊருக்கு நாலு பேர் அந்த தழும்போட இருப்பாங்க. பாபநாசம் பக்கத்துல ஒரு கல்யாணம், பந்தியில பால் பாயசம் ரெண்டு டம்ளர் வாங்கி குடிச்சாரு. கை கழுவி திண்ணைக்கு வர்றதுக்குள்ள, 20 நிமிஷம் இருக்கும், மூஞ்சி வெளுத்து, வேர்த்து கொட்டுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, வயித்தைப் புடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சிட்டாரு. கண்ணு பட்டுடுச்சுன்னு மொளகா சுத்தினாங்க. கொஞ்ச நேரம் படுத்ததும் சரியாச்சு, ஆனா ரெண்டு மணி நேரம் கழிச்சு பஸ்ல திரும்ப நடுக்கம், பசி, கண்ணு இருட்டுது. சுகரே இல்லாத மனுஷன்.

திருவாரூர் மெடிக்கல்

சிம்பிள் சார். ஜீரணம் முழுசா முடிஞ்சாத்தான் இரைப்பை கதவு திறக்கும். ஆசிட் கம்மியா இருந்தா ஜீரணம் ஆகாது, உணவு அப்படியே நிக்கும். உங்க அப்பாவுக்கு ஆசிட் கம்மி. கடையில 18 வருஷமா பாக்குறேன். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி டொம்பெரிடோன் போட்டா சரியாகும். அதோட இஞ்சிச்சாறு, தேன், வெந்நீர் கால் டம்ளர். சாப்புடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. ரெண்டு மணிக்கு ஒரு தடவ கொஞ்சம் கொஞ்சமா சாப்டணும், வயிறு காலியா இருக்கவே விடக்கூடாது, காலியா விட்டா கேஸ் ஏறும். ராத்திரி தயிர் வேண்டாம். இடது பக்கம் படுக்கணும். பேதிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ சாப்டணும், நம்ம பெரியவங்க எல்லாம் செஞ்சதுதான். சுகர் ஆளுங்க அரிசிய விட்டுட்டு கேழ்வரகு மாறுங்க. எங்க அம்மாவுக்கு இதெல்லாம் செஞ்சுதான் சரியாச்சு.

மன்னை மாமி

எனக்கும் இதே பிரச்னைதான். வைகுண்ட ஏகாதசிக்கு உபவாசம், ராஜகோபால சுவாமி கோயில் வரிசையில நிக்கறேன், திடீர்னு வயித்துல தவில் வாசிக்கற மாதிரி கடகடகடன்னு ஒரு சத்தம், முன்னாடி நின்ன பொண்ணு திரும்பியே பாத்துடுத்து. அஞ்சு பத்து நிமிஷம் இருந்துட்டு தானா நின்னுடுத்து. சரி போச்சுன்னா ஒண்ணரை மணி நேரம் கழிச்சு மறுபடியும். அன்னைக்கு முழுக்க நாலஞ்சு தடவ. மறுநாள் துவாதசி பாரணை பண்ணதும் சத்தமே இல்ல. அல்சரா இருக்குமோ? மூணு வருஷமா ஜெலுசில் குடிக்கறேன்.

பழைய டெக்னீஷியன்

மாமி, அது அல்சர் சத்தம் இல்ல, உங்க வயிறு ஒழுங்கா வேலை செய்ற சத்தம். நான் சொந்த ஊர் ஒரத்தநாடு, சென்னையில மேனோமெட்ரி லேப்ல 14 வருஷம் இருந்தேன். மூக்கு வழியா மெல்லிய குழாய் விட்டு, இரைப்பை தாண்டி சிறுகுடலோட தொடக்கமான டியோடினம் வரைக்கும் இறக்கி, எக்ஸ்ரேல சரி பாத்துட்டு, வெறும் வயித்துல நாலு மணி நேரம் அழுத்தத்தை பதிவு பண்ணுவோம்.

ஒரு பேஷண்ட் எனக்கு மறக்காது. முதல் ஒரு மணி நேரம் கோடு நேரா படுத்தே கிடக்கு, அப்புறம் அங்கங்க ஒழுங்கில்லாம மேடு. 100வது நிமிஷம் போல இரைப்பையோட கீழ்ப்பாகத்துல நிமிஷத்துக்கு மூணு அடி, டியோடினத்துல நிமிஷத்துக்கு 11, 12, சீப்புப் பல்லு மாதிரி வரிசையா, அது மேல இருந்து கீழ நகர்ந்துக்கிட்டே போவுது. எட்டு நிமிஷம். வயித்துல சத்தம் எனக்கே கேட்டுச்சு. அப்புறம் பழையபடி அமைதி. இதுதான் சாப்பாட்டுக்கு இடையில ஒண்ணரை ரெண்டு மணிக்கு ஒருமுறை மிச்சம் மீதியைத் துடைப்பம் போட்டு தள்ளுற மாதிரி நடக்குற கூட்டல், தூக்கத்துலயும் நடக்கும். மாமி சொன்ன கணக்கு அதோட ஒத்துப்போவுது.

ரெண்டாவது சுத்துக்கு காத்திருக்கோம், நான் பாத்ரூம் போயிட்டு வந்தா கிராஃப்ல ஒரே கசமுசா, மேடு பள்ளம், ஒழுங்கே இல்ல. அவரோட மச்சான் பாவம் பசிக்குதேன்னு ஒரு சொம்பு பாதாம் பால் குடுத்துட்டாரு. சாப்பாடு உள்ள போன அடுத்த நிமிஷம் கூட்டல் நின்னு அரைவைக்கு மாறிடும், அன்னைக்கு டெஸ்ட் போச்சு, இன்னொரு நாள் வரச் சொன்னோம். அந்த மச்சானை திட்டினதுக்கு நான் இப்பவும் வருத்தப்படுறேன், அவருக்கு எப்படித் தெரியும்.

மெடிக்கல் அண்ணன் சொன்னது பாதிதான் சரி. ஜீரணம் முடியறது முக்கியம் இல்ல, துண்டு சைஸ்தான். இரைப்பை கெட்டி உணவை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்கு அரைச்சதும்தான் அதோட கீழ்வாசலான பைலோரஸ் வழியா விடும். தண்ணிக்கு அரைக்க வேலை இல்ல, வெறும் தண்ணின்னா பாதி 15, 20 நிமிஷத்துல போயிடும், அதான் பெரியவருக்கு சோறு நின்னுபோன ராத்திரியிலயும் சக்கரைத் தண்ணி வேலை செஞ்சுது. வாழைத்தண்டு நார் எவ்வளவு அரைச்சாலும் சின்னதாகாது, அதை வெளிய தள்ள அந்த எட்டு நிமிஷக் கூட்டல்தான் வரணும். நாள்பட்ட சுகர்ல இரைப்பைய இயக்குற வேகஸ் நரம்பு கெடும்போது இரைப்பையில அந்தக் கூட்டலே வராம போகலாம், நார் அங்கயே உருண்டையாகும். ஆசிட் கணக்கு இங்க இல்ல.

திருவாரூர் மெடிக்கல்

அப்ப கதவு யார் சொல்லித்தான் திறக்குதாம்? நீங்க கிராஃப் பாத்தவரு, நான் பேஷண்ட் பாத்தவன்.

பழைய டெக்னீஷியன்

கோவப்படாதீங்கண்ணே. டியோடினம் சொல்லித்தான். நம்ம ஊர்ல கடைமடைக்காரன் கத்தினாலும் மதகுக்காரன் காதுல விழாது, வயித்துல மட்டும் கடைமடை சொல்றதுதான் சட்டம். கொழுப்போ ஆசிட்டோ கெட்டிச் சக்கரையோ வந்து இறங்கினா டியோடினத்துல இருக்கற செல்லுங்க கண்டுபுடிச்சு சிசிகே மாதிரி ஹார்மோன் விடும், நரம்பு வழியாவும் சேதி போகும். உடனே இரைப்பை மேல்பாகம் தளர்ந்து இடம் குடுக்கும், கீழ்ப்பாகம் தள்ளுறதை குறைக்கும், பைலோரஸ் இறுகும். வந்ததை சமாளிச்ச பிறகு அடுத்த மடக்கு. சுமாரா நிமிஷத்துக்கு 2, 3 கலோரிதான் விடும், ஒரு டம்ளர் பாயசம் 300 கலோரின்னு வச்சுக்கிட்டா முழுசா இறங்க ஒண்ணே முக்கால்ல இருந்து ரெண்டரை மணி நேரம். குடமுருட்டி தம்பியோட தாத்தாவுக்கு அந்த மதகையே சுத்தி வாய்க்கால் வெட்டிட்டாங்க. பாயசம் மொத்தமா சிறுகுடல்ல கொட்டுது, அந்தக் கெட்டிச் சக்கரை ரத்தத்துல இருந்து தண்ணிய இழுக்குது, அதான் முதல் மயக்கம். சக்கரை ஒரேயடியா ஏறினதும் இன்சுலின் அளவுக்கு மீறி சுரக்கும், ரெண்டாவது நடுக்கம் அதனால. அவருக்கு சாப்பாட்டோட தண்ணி வேண்டாம்னு சொன்னா பொருந்தும், அண்ணே. எல்லாருக்கும் இல்ல.

குடமுருட்டி77

தாத்தா கடைசி வரைக்கும் பந்தின்னாலே பயந்தாரு, பாயசத்தை எனக்கு தள்ளி விட்டுடுவாரு. நான் பிரியம்னு நெனச்சேன்.

வெண்ணாத்தங்கரை

எண்டோஸ்கோபில அடைப்பு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அப்புறம் இட்லியில கதிர்வீச்சு மருந்து கலந்து குடுத்து, மணிக்கு ஒரு தடவ கேமரா முன்னாடி நிக்க வச்சாங்க. 4 மணி நேரத்துல 38 சதவீதம் உள்ளயே. 10க்கு மேல இருந்தாலே தாமதம்னு சொன்னாங்க. இப்ப ஊசிய சாப்ட்ட பிறகு போடச் சொல்லியிருக்காங்க, சுகர் ரொம்ப ஏறி இருந்தாலே இரைப்பை இன்னும் மெதுவாகுமாம், அதனால ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்குது. எரித்ரோமைசின்னு ஆன்டிபயாடிக் சிரப் கொஞ்ச டோஸ் எழுதினாங்க. வாங்கப் போன கடையில "காய்ச்சலா"ன்னு கேட்டாங்க. 😀

பழைய டெக்னீஷியன்

அந்த 10 சதவீதம் முட்டை வெள்ளைக்கரு, ரொட்டி வச்சு அளந்து வச்சது, இட்லிக்கு அந்த லேப் தனியா எல்லை வச்சிருக்கணும், கேட்டுக்கோங்க. ஆனா 38ன்றது எதுல வச்சாலும் அதிகம்தான். எரித்ரோமைசின் டியோடினத்துல சுரக்கற மோட்டிலின் மாதிரி வேஷம் போடும், அதான் இரைப்பையில அந்தக் கூட்டலைக் கிளப்புது. சில வாரத்துல உடம்பு பழகிடும், அப்பல்லாம் டோஸ நீங்களே ஏத்தாதீங்க, இதய மாத்திரை இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும்.

மன்னை மாமி

அப்போ நான் ஜெலுசில் நிறுத்திடலாமா? இன்னொரு சந்தேகம். மெடிக்கல் தம்பி ரெண்டு மணிக்கு ஒரு தடவ சாப்டச் சொல்றார். சாப்ட்டா கூட்டல் நிக்கும்னு நீங்க சொல்றேள். எதைக் கேக்கறது?

பழைய டெக்னீஷியன்

ஜெலுசில் பத்தி டாக்டரைத்தான் கேக்கணும் மாமி, நான் குழாய் விட்டவன். ரெண்டாவது கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வெண்ணாத்தங்கரை அப்பாவுக்கு இரைப்பையில கூட்டல் வர்றதே சந்தேகம், வராத கூட்டலுக்காக பட்டினி போட்டு என்ன பண்ண, அவருக்கு கொஞ்சம் கொஞ்சமா, குழைஞ்சதா, நார், எண்ணெய் குறைச்சு சாப்டறதுதான் தோது. ஊசி நேரம் அதுக்கேத்த மாதிரி மாறணும். நல்லா இருக்கறவங்க சாப்பாட்டுக்கு நடுவுல இடைவெளி விட்டா நல்லதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது, ஆனா நொறுக்குத் தீனி தின்னவனுக்கெல்லாம் நோய் வந்ததா நான் பாத்ததில்ல.

திருவாரூர் மெடிக்கல்

இஞ்சிச்சாறுக்கு யாரும் பதில் சொல்லல.

வெண்ணாத்தங்கரை

நேத்து சந்தையில வாழைத்தண்டு பாத்துட்டு அப்பா நின்னாரு. அம்மா விரல்ல நார் சுத்தி சுத்தி எடுக்கறதை சின்ன வயசுல அவர் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். "ரெண்டு துண்டு மட்டும் வாங்கு, ரசமா வச்சா வடிகட்டி குடிப்பேன்"ங்கறாரு. வடிகட்டினா பரவாயில்லையா, யாராவது சொல்லுங்க.