உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத புள்ளிகள்: என்னவாக இருக்கும்?

ராயபுரத்தான்: துறைமுகத்தில் சரக்குப் பெட்டக வேலை, வயது 29. சில வாரங்களாக இரு உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் செம்பு நிறப் புள்ளிகள். மிளகு அளவுதான், சிலவற்றின் ஓரத்தில் மட்டும் தோல் வளையமாக உரிகிறது. அரிப்பில்லை, வலியில்லை. மருந்துக் கடையில் கொடுத்த படர்தாமரைக் களிம்பு கேட்கவில்லை.

கொருக்குப்பேட்டை அம்மா: என் பையனுக்கும் போன மாதம் கை, கால், வாயெல்லாம் கொப்புளம். பள்ளியில் ஒட்டிக்கொண்டது. இளநீர் கொடுங்கள், ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

குமார்: செதில் உரிந்தால் சொரியாசிஸ்தான். என் மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

ஓய்வுபெற்ற செவிலி: அம்மா, தம்பி கொப்புளம் என்று சொல்லவில்லையே. குமார் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் சொரியாசிஸில் செதில் தடித்து, வெடிப்பும் விடும். தம்பி, கூச்சப்படாமல் சொல்லுங்கள்: சில மாதங்களுக்குள் பிறப்புறுப்பிலோ வாயிலோ வலிக்காத புண் வந்து தானாக ஆறியதா? பால்வினை நோயான சிபிலிஸின் இரண்டாம் கட்டம் இப்படித்தான் வரும். கிருமி இரத்தத்தோடு உடம்பெங்கும் போய்விடுகிறது. தோலில் தெரிவது, நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றி உடம்பு அதை எதிர்க்கும் சண்டை. சண்டை லேசானால் மருந்து ஒவ்வாமை மாதிரி சிவப்புப் புள்ளி, பலமானால் கட்டி, மேல்தோலும் தடித்தால் சொரியாசிஸ் மாதிரி செதில். ஒரே ஆளிடம் மூன்றையும் பார்த்திருக்கிறேன். படம் பார்த்து முடிவு சொல்கிறவரை நம்பாதீர்கள். விடிஆர்எல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

ராயபுரத்தான்: புண் வந்தது உண்மை. தெருமுனை ஆய்வகத்தில் விடிஆர்எல் செய்தேன், நெகட்டிவ்.

குமார்: நான்தான் சொன்னேனே!

ஓய்வுபெற்ற செவிலி: பொறுங்கள். இந்தக் கட்டத்தில் எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தால், நீர்க்காத இரத்தத்தில் பரிசோதனைத் திரள் உருவாகாமல் நெகட்டிவ் காட்டிவிடும். அபூர்வம்தான், ஆனாலும் நடக்கும். சீரத்தை நீர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சிபிலிஸ் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் டிபிஹெச்ஏ பரிசோதனையும் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கே போனால் நல்லது.

ராயபுரத்தான்: 128 மடங்கு நீர்த்தும் விடிஆர்எல் பாசிட்டிவ், அதாவது 1:128. டிபிஹெச்ஏவும் பாசிட்டிவ். பென்சதீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பின் இருபுறமும் பாதிப்பாதியாகப் போட்டார்கள். இரவில் குளிர் காய்ச்சல், புள்ளிகள் இன்னும் சிவந்தன. ஒவ்வாமையா?

ஓய்வுபெற்ற செவிலி: கிருமிகள் கொத்தாகச் சாகும்போது வரும் காய்ச்சலாக இருக்கலாம், ஒரு நாளில் தணியும், பாரசிட்டமால் போதும். மூச்சுத் திணறினால், உதடு வீங்கினால், உடனே அவசரப் பிரிவு. இன்னொன்று, மருந்தே இல்லாவிட்டாலும் புள்ளிகள் மறைந்திருக்கும். நோய் உள்ளேயே இருந்திருக்கும். அதனால் தோலைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். வரும் மாதங்களில் 1:128 என்பது 1:32க்காவது இறங்க வேண்டும். எச்ஐவி பரிசோதனையும் செய்யுங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள்.

ராயபுரத்தான்: அவளுக்கு ஒரு புள்ளிகூட இல்லையே. எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற செவிலி: புள்ளி இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. எப்படிச் சொல்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, தம்பி. அங்கே ஆற்றுப்படுத்துநர் இருப்பார், அவரிடம் முதலில் பேசுங்கள்.