தனித்தனியாக எடுத்த குடும்பப் படம்: அண்ணனின் பார்வை மட்டும் ஒட்டவில்லை, உதவுங்கள்

அப்பா அம்மா அறுபதாம் கல்யாணத்துக்காக நான்கு தனிப் படங்களைப் போட்டோஷாப்பில் ஒன்றாக்குகிறேன். மூன்று படங்கள் நான் எடுத்தவை: 85 மி.மீ. லென்ஸ், கண் மட்ட உயரம், இடப்பக்க ஜன்னல் வெளிச்சம். நான்காவது அண்ணனுடையது. கப்பலில் நண்பர் போனில் எடுத்தது. அவர் லென்ஸைப் பார்க்காமல் நண்பரின் முகத்தைப் பார்த்திருக்கிறார். தலையும் படத்தின் வலப்பக்கம் சுமார் 20 டிகிரி திரும்பியிருக்கிறது. வலது ஓரத்தில் நிறுத்தினால் குடும்பத்தை விட்டு வெளியே பார்ப்பதுபோல் இருக்கிறது.

முதலில் படத்தை இடவலமாகத் திருப்பினேன். பார்வை உள்ளே வந்தது, ஆனால் சட்டைப் பையும் வகிடும் மாறிவிட்டன, நிழலும் எதிர்ப்பக்கம் போனது. அம்மா உடனே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் இடது ஓரத்துக்கு மாற்றினேன். வெளிச்சம் பொருந்தியது. ஆனால் எல்லோரும் நம்மைப் பார்க்க, அவர் மட்டும் அப்பாவின் காதைப் பார்ப்பதுபோல் தெரிகிறது. லிக்விஃபையில் கருவிழியை 4 பிக்சல் நகர்த்தினேன். ஒரு பக்க வெள்ளை பெருத்தது, கண்ணின் ஒளிப்புள்ளியும் இடம் மாறியது. தலை திரும்பியே இருப்பதால் பார்வையும் அந்தப் பக்கமே இழுக்கிறது.

மறுபடி எடுக்க வழியில்லை. அதே நேரத்தில் எடுத்த இன்னொரு படத்தில் தலை நேராக இருக்கிறது, கண் மட்டும் கீழே பார்க்கிறது. வெள்ளிக்கிழமை 20×30 அங்குலத்தில் பிரிண்டுக்குக் கொடுக்க வேண்டும்.

அந்த நேர்த்தலைப் படத்தில், திரும்பிய தலையின் கண்களை இமையோடு எடுத்துப் பொருத்தினால் இயல்பாக வருமா?