புதுப்பிப்பு: நாற்பது அட்டைகளுக்கான கதைவரிகள்

என் கேள்வி: “என் அட்டை விளையாட்டின் நாற்பது மாயாஜால அட்டைகளுக்கு, அட்டையில் வரும் சிறு கதைவரி எழுதுகிறேன். பின்னால் பெரிய கதை இருப்பது தெரிய வேண்டும், ஆனால் விளக்கிவிடக் கூடாது. எப்படி?”

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. கல்லடி அக்கா சொன்ன வழிதான் பலித்தது. முழுக் கதையையும் எனக்காக மட்டும் ஒரு பக்கத்தில் எழுதினேன். மையச் சம்பவத்தை எந்த அட்டையிலும் சொல்லாமல், பின்விளைவுகளை மட்டும் பங்கிட்டேன். வாவிக்குள் மூழ்கிய நகரை அதன் காவலனே காட்டிக்கொடுத்தான் என்பது கதை. ‘வாவிக் காவலன்’ அட்டையில் இப்போது இருப்பது: “ஏழாவது மணி ஒலித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.” ‘மணிக்காரி’யில்: “கோபுரத்தில் ஆறு மணிகள்தான் இருக்கின்றன, தம்பி.” சேர்த்துப் படித்தால் சந்தேகம் பிறக்கிறது, தனியாகவும் வரி நிற்கிறது. எந்த அட்டை யார் கைக்கு எப்போது வரும் என்று தெரியாததால், தனியாக நிற்பது கட்டாயம்.

கல்முனை நண்பர் சொன்னபடி மன்னர், ஊர்ப் பெயர்களைத் தூவியது பாதிதான் உதவியது. பெயர்கள் பெருகியதும் விளையாடியவர்கள் வரியைப் படிக்காமல் தாண்டினார்கள். அரசியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டேன். அச்சுச் செலவைக் கேட்ட தம்பிக்கு: இன்னும் அச்சகத்துக்குக் கொடுக்கவில்லை.

எதிர்பாராதது: வரியே எழுதாமல் விட்ட ‘அடைத்த வாசல்’ அட்டையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். இன்னோர் அட்டையையும் அப்படி விடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.