லேப் மெஷின் மணிக்கணக்கை எப்படிப் பிரிக்கறீங்க?

வணக்கமுங்க. திருப்பூர்ல துணி டெஸ்டிங் லேப்ல கணக்கு பாக்கறேன். ஜெனான் லைட் ஃபாஸ்ட்னெஸ் மெஷின் செலவை புராஜெக்ட் வாரியா மணிக்கணக்குல பிரிக்கோணும். தேதியும் நேரமும் ஒரே செல்லுல இருக்கறதால ராத்திரி தாண்டி ஓடினாலும் `=(C2-B2)*24` சரியா வருது. சிக்கல் வேற.

ஒரே ஓட்டத்துல மூணு புராஜெக்ட் சாம்பிள் போகுது. மெஷின் ஓடினது 20 மணி. ஆனா முதல் ரெண்டு பேரும் ஆளுக்கு 20, இடையில எடுத்த மூணாமவர் 10னு லாக் புக்ல எழுதறாங்க. கூட்டினா 50! ஹவர் மீட்டரோட ஒத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சுது.

அதனால ஹோல்டர் எண்ணிக்கைப்படி பிரிச்சேன். அ 5, ஆ 3, இ 2. முதல் 10 மணி மூணு பேருக்கும் 5, 3, 2 மணி. இ எடுத்த பிறகு மீதி 10 மணி 6.25, 3.75. மொத்தம் 11.25, 6.75, 2.

ஆனா ஹோல்டரை மணியால பெருக்கி (100, 60, 20) அந்த விகிதத்துல 20ஐப் பிரிச்சா இ-க்கு 2.2 வருது. சீக்கிரம் எடுத்தவர் கூடக் கட்டறது எனக்கு நியாயமாப் படலைங்க, ஆனா ஷீட்டுல இதுதான் சுலபம்.

நீங்க எது பண்றீங்க? காலி ஹோல்டர் செலவை யார் தலையில போடறீங்க? முதல் முறைக்கு எக்செல் ஷீட் வெச்சிருந்தா அனுப்புங்க.